தொட்டி காலியா, வயர் அறுந்ததா?

(ஒலிபரப்பான எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சற்றே திருத்தியிருக்கிறோம்.)

இன்றைக்கு நான் செய்த ஒரு தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருஷம். சென்னைக்கு வெளியே ஒரு பெரிய அபார்ட்மென்ட்டின் பம்ப் ரூமுக்கு பிஎல்சி புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். மாடித் தொட்டியில் தண்ணீர் குறைந்தால் மோட்டார் ஓட வேண்டும், நிறைந்தால் நிற்க வேண்டும். இவ்வளவுதான் வேலை. மூன்று மாதம் ஒழுங்காக ஓடியது. ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்கு அங்கிருந்த எலக்ட்ரீஷியன் அண்ணனிடமிருந்து போன்.

"தம்பி, ஸ்க்ரீன்ல டேங்க் காலின்னு காட்டுது. மேல போய்ப் பாத்தா தண்ணி வழிஞ்சு ஊத்துது. லிஃப்ட் குழிக்குள்ள வேற எறங்கிடுச்சு."

"மோட்டார நிறுத்துங்கண்ணே."

"நிறுத்திட்டேன்பா. நிறுத்துறதுக்குள்ள சம்ப்ல தண்ணி தீந்து மோட்டார் வெறுசா ஓடிருக்கு. கை வைக்க முடியல, அவ்ளோ சூடு."

காலையில் போய்ப் பார்த்தால், மாடியில் கேபிள் வரும் பைப்புக்குள் எலி வயரைக் கடித்துத் துண்டாக்கியிருந்தது. எலி மேல் பழி போட்டுவிட்டு வந்திருக்கலாம். ஆனால் அந்த சென்சார் "நான் அறுந்துவிட்டேன்" என்று சொல்லத் தெரிந்த சென்சார். அது சொல்லவும் செய்தது. அதைக் கேட்கவிடாமல் தடுத்தது நான் எழுதிய ஒரே ஒரு வரி. அந்த வரியைப் பற்றித்தான் இந்த எபிசோட்.

பூஜ்யமும் மௌனமும்

ராத்திரி தெருவில் விசில் ஊதிக்கொண்டு போகும் காவல்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் பிரச்சினை வந்தால் மட்டும் ஊதுகிறவராக இருந்தால், சத்தம் இல்லாத ராத்திரிக்கு இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று, பிரச்சினை எதுவும் இல்லை. இன்னொன்று, ஊத வேண்டியவரே தூங்கிவிட்டார். எது என்று நமக்குத் தெரியாது. அதனால்தான் அவர் ஒன்றும் இல்லாதபோதும் மணிக்கு ஒரு தடவை ஊதுகிறார். விசில் வந்தால் எல்லாம் சரி. வரவில்லை என்றால் அவருக்கே ஏதோ ஆகிவிட்டது.

சென்சார் விஷயமும் இதேதான். ஒரு அளவைக் கரண்ட்டாக மாற்றி அனுப்ப ஒரு வழி, 0 முதல் 20 மில்லிஆம்ப். தொட்டி காலி என்றால் 0, முழுசாக நிறைந்தால் 20. இதில் வயர் அறுந்தாலும் 0தான் வரும். காலியும் அறுந்ததும் ஒரே எண். எவ்வளவு கெட்டிக்காரப் புரோகிராம் எழுதினாலும் பிரித்துப் பார்க்க முடியாது, ஏனென்றால் வித்தியாசம் சிக்னலிலேயே இல்லை.

இன்னொரு வழி, 4 முதல் 20 மில்லிஆம்ப். காலி என்றால் 4, நிறைந்தால் 20. இங்கே "காலி" என்ற செய்தியைச் சொல்லவே 4 மில்லிஆம்ப் ஓடியாக வேண்டும். கரண்ட்டே ஓடவில்லை என்றால் அது எந்த மட்டமும் இல்லை, அது மௌனம். இதற்குப் பெயர்தான் லைவ் ஜீரோ, அதாவது உயிருள்ள பூஜ்யம். இது எலக்ட்ரானிக்ஸ் காலத்து யோசனைகூட இல்லை. அதற்கு முன்பு தொழிற்சாலைகளில் காற்றழுத்தத்தால் சிக்னல் அனுப்பிய நாட்களிலேயே அளவு 3 முதல் 15 பிஎஸ்ஐ என்றுதான் இருந்தது. குழாய் கழன்றால் அழுத்தம் 3-க்குக் கீழே போய்விடும். ஆளுக்குப் புரிந்துவிடும்.

4 மில்லிஆம்ப்புக்கு இன்னொரு பயனும் உண்டு. இந்த சென்சார்களில் பல இரண்டே வயரில் வேலை செய்கின்றன. பவர் வருவதும் சிக்னல் போவதும் அதே ஜோடியில். தொட்டி காலியாக இருக்கும்போதும் உள்ளே இருக்கும் சர்க்யூட் உயிரோடு இருக்க ஏதாவது கரண்ட் வேண்டுமே? அந்தச் சாப்பாடு இந்த 4-க்குள்ளிருந்துதான் கிடைக்கிறது.

அறுந்தால் ஏன் கட்டாயம் 0?

பேனலில் இருக்கும் 24 வோல்ட் சப்ளையிலிருந்து ஒரு வயர் மாடிக்குப் போகிறது, சென்சாருக்குள் நுழைந்து, இன்னொரு வயராகத் திரும்பி வந்து, பிஎல்சியின் அனலாக் கார்டில் ஒரு சின்ன ரெசிஸ்டர் வழியாக முடிகிறது. ரெசிஸ்டர் பெரும்பாலும் 250 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் ஒரே வட்டம். எவ்வளவு கரண்ட் ஓட வேண்டும் என்பதை சென்சார் முடிவு செய்கிறது, கார்டு அந்த 250 ஓமில் விழும் வோல்ட்டேஜை அளக்கிறது. 4 மில்லிஆம்ப்புக்கு 1 வோல்ட், 20-க்கு 5 வோல்ட்.

வட்டத்தில் எங்கே அறுந்தாலும் எல்லா இடத்திலும் கரண்ட் நின்றுவிடும். ரெசிஸ்டரின் இரண்டு முனைகளுக்கும் நடுவே வோல்ட்டேஜ் இல்லை. கார்டு நிச்சயமாக 0 படிக்கும்.

வோல்ட்டேஜ் சிக்னலில் இந்த நிச்சயம் கிடையாது. 0 முதல் 10 வோல்ட் வகையில் வயர் அறுந்தால் கார்டின் முனை அந்தரத்தில் தொங்குகிறது. பக்கத்தில் ஓடும் மோட்டார் கேபிளின் இரைச்சலைப் பிடித்துக்கொண்டு 2 வோல்ட் காட்டலாம், 6 காட்டலாம், கொஞ்ச நேரம் பழைய அளவையே காட்டிக்கொண்டும் இருக்கலாம். லைவ் ஜீரோ கரண்ட் லூப்பில் நன்றாக வேலை செய்வதற்கு அந்த ரெசிஸ்டரும் ஒரு காரணம்.

நான் எழுதிய அந்த வரி

நம் தொட்டியின் ஆழம் 4 மீட்டர். 4 மில்லிஆம்ப் என்றால் 0 மீட்டர், 20 என்றால் 4 மீட்டர். அதாவது ஒவ்வொரு 4 மில்லிஆம்ப்புக்கும் ஒரு மீட்டர் ஏறும். 1 மீட்டருக்குக் கீழே போனால், அதாவது 8 மில்லிஆம்ப்பில், மோட்டார் ஆன். 3.6 மீட்டரில், அதாவது 18.4 மில்லிஆம்ப்பில், ஆஃப்.

வயர் அறுந்து 0 மில்லிஆம்ப் வந்தால் கணக்குப்படி என்ன வரும்? மைனஸ் 1 மீட்டர். தொட்டியின் தரைக்கு ஒரு மீட்டர் கீழே தண்ணீர்! எவ்வளவு பெரிய துப்பு பாருங்க. ஆனால் வேலை முடித்துக் கொடுக்கும்போது ஸ்க்ரீனில் சில சமயம் "-0.02" என்று தெரிந்தது. பார்க்க அசிங்கமாக இருக்கிறதே என்று நான் இப்படி எழுதினேன்:

```
level := LIMIT(0.0, (mA - 4.0) / 4.0, 4.0);
```

0-க்குக் கீழே எது வந்தாலும் 0 என்று ஆக்கு, அவ்வளவுதான் இதன் அர்த்தம். ஆனால் இந்த ஒரு வரியால் லைவ் ஜீரோ செத்த ஜீரோவாகிவிட்டது. வயர் அறுந்தது, மைனஸ் வந்தது, என் வரி அதை "0.00 மீட்டர்" என்று அழகாக்கிக் காட்டியது. மோட்டார் ஓடியது. மட்டம் 3.6-ஐத் தொடவே போவதில்லை என்பதால் நிற்கவும் இல்லை.

இன்னொரு வேடிக்கையும் சொல்லிவிடுகிறேன். சீமென்ஸ் பிஎல்சிகளில் 4 மில்லிஆம்ப் 0 ஆகவும், 20 மில்லிஆம்ப் 27648 ஆகவும் புரோகிராமுக்கு வந்து சேரும். அங்கே கார்டின் செட்டிங்கில் "Wire break" என்று ஒரு டிக் உண்டு. அதைப் போட்டிருந்தால், வயர் அறுந்ததும் அந்தச் சேனல் 32767 என்ற உச்ச எண்ணைக் கொடுக்கும். என் வரி அதை 4 மீட்டர், தொட்டி ஃபுல் என்று படித்திருக்கும். மோட்டார் ஓடாமல் காலையில் குழாயில் தண்ணீர் வந்திருக்காது. அதே எலி, அதே வயர். ஒரு டிக்கைப் பொறுத்துத் தொட்டி காலி அல்லது ஃபுல். ஆகவே "கார்டிலேயே வயர் பிரேக் வசதி இருக்கிறதே" என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. அது என்ன எண் கொடுக்கிறது, புரோகிராம் அதை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

கோட்டை எங்கே போடுவது?

4-க்குக் கீழே வந்தாலே ஃபால்ட் என்று வைத்துவிடலாமா? கூடாது. நான் பார்த்த "-0.02" எங்கிருந்து வந்தது? சென்சாரின் பூஜ்யம் நாளாக ஆகக் கொஞ்சம் நகரும். தொட்டி நிஜமாகவே காலியாக இருக்கும்போது 3.92 மில்லிஆம்ப் வந்தால் அது மைனஸ் 2 சென்டிமீட்டர். அது பழுதில்லை. அதற்கெல்லாம் அலாரம் அடித்தால் பத்தாவது தடவை அண்ணன் அலாரத்தையே மியூட் செய்துவிடுவார்.

இதற்காகவே நாமூர் என்ற அமைப்பின் என்.ஈ. 43 என்கிற பரிந்துரை இருக்கிறது. அதன்படி 3.8 முதல் 20.5 மில்லிஆம்ப் வரை வருவது அளவு. கொஞ்சம் கீழே, கொஞ்சம் மேலே போனாலும் அதை அளவாகவே எடுத்துக்கொள்ளலாம். 3.6-ம் அதற்குக் கீழும், அல்லது 21-ம் அதற்கு மேலும் வந்தால் அது பழுது. நடுவில் இருக்கும் குட்டி இடைவெளி, இரண்டும் ஒன்றோடொன்று குழம்பாமல் இருப்பதற்கு.

இப்போது நான் எழுதுவது இப்படி:

```
mA  := 4.0 + 16.0 * INT_TO_REAL(raw) / 27648.0;
bad := (mA <= 3.6) OR (mA >= 21.0);
faultTimer(IN := bad, PT := T#2s);
startTimer(IN := (level < 1.0) AND NOT bad, PT := T#5s);
```

மேல்பக்கமும் ஏன் பார்க்கிறேன் என்றால், அந்த 32767-ஐ இந்தக் கணக்கில் போட்டால் கிட்டத்தட்ட 22.96 மில்லிஆம்ப் வரும். கார்டு எந்தப் பக்கம் தள்ளினாலும் மாட்டிக்கொள்ளும். முக்கியமான விஷயம், சோதனை நடப்பது `raw`-இலிருந்து வந்த மில்லிஆம்ப்பில். `LIMIT` போட்டு அழகுபடுத்துவது அதற்கு அப்புறம், ஸ்க்ரீனுக்காக மட்டும்.

அந்த இரண்டு விநாடியும் ஐந்து விநாடியும்

முதல் டைமர் எதற்கென்று சட்டெனப் புரியும். லூஸ் கான்டாக்ட்டில் ஒரு நொடி விட்டு வந்தால் உடனே மோட்டாரை நிறுத்தி மறுபடி போடக் கூடாது. இரண்டு விநாடி தொடர்ந்து பழுதாக இருந்தால்தான் ஃபால்ட். வந்த ஃபால்ட் ஆள் வந்து ரீசெட் செய்யும்வரை போகக் கூடாது. இல்லாவிட்டால் காற்றில் ஆடும் வயர் ராத்திரி முழுக்க மோட்டாரை விட்டுவிட்டு இயக்கும்.

இரண்டாவது டைமரை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். "ஃபால்ட் வந்தால் கடைசியாக வந்த நல்ல அளவை வைத்துக்கொள்" என்று முதலில் எழுதியிருந்தேன். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கார்டு இரைச்சலைக் குறைக்க அளவுகளைச் சராசரி எடுக்கிறது. அதனால் வயர் அறுந்ததும் 14 மில்லிஆம்ப் ஒரே தாவலில் 0-க்குப் போகாது. 12, 9, 7, 5, 4 என்று சறுக்கிக்கொண்டு போகும். 3.6-ஐத் தாண்டும்போதுதான் பழுது என்று தெரியும். அதற்கு முந்தைய "கடைசி நல்ல அளவு" என்ன? கிட்டத்தட்ட 0 மீட்டர்! சறுக்கும் வழியில் 8-ஐத் தாண்டியதால் மோட்டாரும் ஆன் ஆகியிருக்கும்.

அதனால்தான் 1 மீட்டருக்குக் கீழே ஐந்து விநாடி, பழுது இல்லாமல், தொடர்ந்து இருந்தால்தான் மோட்டார் கிளம்பலாம் என்று வைத்தேன். நிஜத் தொட்டி ஐந்து விநாடியில் ஒன்றும் காலியாகிவிடாது. சறுக்கல் அதற்குள் முடிந்துவிடும்.

கண்டுபிடித்தாச்சு, பிறகு?

இது புரோகிராம் எழுதுகிறவர் தனியாக முடிவு செய்கிற விஷயம் இல்லை. நம் தொட்டிக்கு, ஃபால்ட் வந்தால் மோட்டாரை நிறுத்தி மணி அடிப்பதே சரி. தொட்டியில் மிச்சமிருக்கும் தண்ணீர் கொஞ்ச நேரம் தாங்கும், அதற்குள் ஆள் வந்து மேனுவலில் ஓட்டலாம். ஆனால் அதே சென்சார் ஒரு இயந்திரத்தைக் குளிர்விக்கும் தண்ணீரை அளந்தால்? அங்கே நிறுத்துவதுதான் ஆபத்து, ஓட விட வேண்டும். அண்ணனிடம் இதைப் பேசியபோது அவர் ஒரே வாக்கியத்தில் முடித்தார்: "எது நடந்தா நஷ்டம் அதிகம்னு மொதல்ல கேளு தம்பி, அப்பறம் எழுது." கையோடு தொட்டியின் உச்சியில் ஒரு ஃப்ளோட் சுவிட்சும் மாட்டச் சொன்னார். சென்சாருக்கும் பிஎல்சிக்கும் சம்பந்தமில்லாமல் மோட்டார் ஸ்டார்ட்டரையே நேராக வெட்டும் சுவிட்ச்.

ஸ்க்ரீனில் ஃபால்ட்டோடு மில்லிஆம்ப்பையும் காட்டுங்கள். பழுது பார்க்க வருகிறவருக்கு அது பாதி வேலை. 0 என்று இருந்தால் வட்டம் திறந்திருக்கிறது: வயர், டெர்மினல், ஃபியூஸ், அல்லது சப்ளை. எல்லா சேனலும் ஒன்றாக 0 ஆனால் மாடிக்கு ஏற வேண்டாம், முதலில் 24 வோல்ட்டைப் பாருங்கள். ஆனால் 3.5 என்று ஆடாமல் நின்றால் வயர் நன்றாகத்தான் இருக்கிறது. சென்சாரே தன்னைச் சோதித்து, "எனக்கு உடம்பு சரியில்லை" என்று சொல்கிறது.

இது பிடிக்காத பழுது

லைவ் ஜீரோ எல்லாவற்றையும் பிடிக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். முழுசாக அறுந்த வயரைப் பிடிக்கும். பாதி கெட்ட ஜாயிண்ட்டைப் பிடிக்காது.

மழையில் நனைந்து பச்சை பூத்த ஒரு டெர்மினல் 700 ஓம் தடையாக மாறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நம் சென்சார் வேலை செய்யக் குறைந்தது 12 வோல்ட் வேண்டும். சப்ளை 24 என்றால் மற்ற எல்லாவற்றுக்கும் மிச்சம் 12. ரெசிஸ்டர் 250-ம் ஜாயிண்ட் 700-ம் சேர்த்து 950 ஓம். 12-ஐ 950-ஆல் வகுத்தால் சுமார் 12.6 மில்லிஆம்ப். அதுதான் இனி இந்த வட்டத்தில் ஓடக்கூடிய அதிகபட்சம்.

விளைவு? தொட்டி பாதிக்குக் கீழே இருக்கும்வரை அளவு மிகச் சரியாக இருக்கும். 2.15 மீட்டருக்கு மேலே ஏற ஏற, ஸ்க்ரீன் மட்டும் 2.15-இலேயே நிற்கும். 18.4 மில்லிஆம்ப் வரவே வராது, மோட்டார் நிற்காது. 3.6-க்குக் கீழே போகாததால் ஃபால்ட்டும் வராது. இதைப் பிடிக்க வேறு மாதிரி யோசிக்க வேண்டும்: மோட்டார் ஓடி இத்தனை நிமிடம் ஆகியும் மட்டம் ஏறவில்லையே என்று புரோகிராம் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் அண்ணனின் ஃப்ளோட் சுவிட்ச் காப்பாற்ற வேண்டும்.

கடைசியாக ஒரு ஸ்க்ரூடிரைவர்

இப்போதெல்லாம் எந்த வேலையையும் ஒப்படைக்கும் முன் ஒன்று செய்வேன். மோட்டாரை நிஜமாக ஓட்டிக்கொண்டே, அண்ணன் மாதிரி ஒருவரைப் பக்கத்தில் நிற்க வைத்து, டெர்மினலிலிருந்து அந்த வயரைக் கழற்றுவேன். மணி அடிக்கிறதா, மோட்டார் நிற்கிறதா, ஸ்க்ரீனில் என்ன எழுதியிருக்கிறது? பிறகு மோட்டார் நின்றிருக்கும்போது இன்னொரு தடவை கழற்றுவேன், தானாகக் கிளம்புகிறதா என்று பார்க்க. அப்புறம் சென்சாருக்குப் பதில் சிமுலேட்டரை மாட்டி 3.9 கொடுப்பேன், அலாரம் வரக் கூடாது. 3.5 கொடுப்பேன், வர வேண்டும். எல்லாம் சேர்ந்து பத்து நிமிடம்.

அந்த அபார்ட்மென்ட்டில் வயரை மாற்றி, புது புரோகிராமை ஏற்றிவிட்டு நானே வயரைக் கழற்றிக் காட்டினேன். மணி அடித்தது, மோட்டார் நின்றது. ஸ்க்ரீனில் மட்டத்துக்குப் பதிலாக "சென்சார் வயர் துண்டிப்பு, 0.0 மில்லிஆம்ப்" என்று வந்தது. அண்ணன் அதைப் படித்துவிட்டுச் சொன்னார்: "இதத்தானப்பா அன்னிக்கே சொல்லிருக்கணும்."

சென்சார் அன்றைக்கே சொன்னது அண்ணே. நான்தான் 0.00 என்று மாற்றி எழுதிவிட்டேன்.